பிரித்ததை மீண்டும் சேர்ப்பதா?

காலையில் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வீடு திரும்பிய இளைஞன் ஒருவன், தன் உயரத்தில் கால் பங்கு இருக்கும் டப்பா ஒன்றைத் திறந்து, அதற்குள் புதைந்து கிடந்த பிளாஸ்டிக் கரண்டியால் சிறிது மாவை அள்ளி, ஷேக்கர் என்று அவன் அழைக்கும் மூடிபோட்ட குப்பியில் இருந்த தண்ணீரில் கொட்டி, இரண்டு கைகளாலும் குலுக்கி, நின்றவாறே மடமடவென்று குடித்து முடிப்பதை அடுக்களை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு மனம் பொறுப்பதில்லை. எங்கள் அடுத்த வீட்டு அம்மாள் இந்தக் காட்சியைச் சில நாட்கள் சகித்திருந்துவிட்டு, ஒருநாள் என்னிடம் வழக்கைக் கொண்டுவந்தார். “நீங்களே சொல்லுங்கள் அண்ணா, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மாவை வெறும் பச்சைத் தண்ணீரிலா கரைத்துக் குடிப்பது? ஒரு தம்ளர் பாலில் கலந்து கொடுக்கிறேன் என்றால் கேட்க மாட்டேன் என்கிறான்.” பிள்ளையோ, பாலில் கலந்தால் உடம்பு பருத்துவிடும் என்றும், வயிற்றில் மெதுவாகத்தான் ஜீரணமாகும் என்றும், தனக்குப் பயிற்சி அளிப்பவர் சொன்னதாகச் சொன்னான்.

அம்மாளிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. “இந்த மாவே பாலிலிருந்து எடுத்ததுதானாமே? பாலிலிருந்து பிரித்ததை மறுபடியும் பாலில் போட்டால் பழையபடி பால்தானே ஆகும்?” என்று கேட்டார். கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும், கலோரி, ருசி, ஜீரணம் என்ற மூன்று விஷயங்களுக்கும் திறவுகோல் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

திரள்வதும் தெளிவதும்

கெட்டியாக உறைந்த தயிரில் ஒரு பக்கம் கரண்டியிட்டு எடுத்துவிட்டு, சில நாழிகை கழித்துப் பார்த்தால், அந்தக் குழியில் இளமஞ்சளும் பச்சையும் கலந்த தெளிந்த நீர் ஊறி நிற்பதைப் பார்க்கிறோம். எலுமிச்சைச் சாறு விட்டுப் பாலைத் திரித்துப் பனீர் எடுக்கும்போதும் அதே நிறத்தில் ஒரு நீர் துணியின் வழியே வடிந்துபோகிறது. பாலில் உள்ள புரதங்கள் பலவகைப்பட்டவையானாலும், அவற்றை இரண்டு பெரும் குலங்களாகப் பிரித்துவிடலாம் என்பதற்கு இந்த நீரே சாட்சி. புளிப்போ உறைநொதியோ பட்டவுடன் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கட்டியாகத் திரளும் குலம் ஒன்று. அதற்குக் கேசீன் என்று பெயர். நாம் அதைத் திரள்புரதம் என்று சொல்வோம். எவ்வளவு புளிப்பு ஏறினாலும் திரளாமல், நீரில் கரைந்தே இருக்கும் குலம் மற்றொன்று. அதுவே ‘வே’ எனப்படுவது. அதைத் தெளிபுரதம் எனலாம். பசும்பாலின் புரதத்தில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு திரள்புரதம், ஒரு பங்குதான் தெளிபுரதம்.

மேல்நாடுகளில் பாலாடைக்கட்டி செய்யும் ஆலைகளில் பாலை உறையச் செய்து திரள்புரதத்தை எடுத்துக்கொண்டபின் எஞ்சும் நீர், ஒரு காலத்தில் பன்றிகளுக்கு ஊற்றப்பட்டது. மீந்தது வயல்களிலும் ஓடைகளிலும் விடப்பட்டது. பின்னாளில் நுண்ணிய துளைகள் கொண்ட சல்லடைத் தோல்களின் வழியே அதைச் செலுத்தி, பால்சர்க்கரையையும் உப்புகளையும் நீரோடு வெளியேற்றி, பெரிய மூலக்கூறுகளான புரதங்களை மட்டும் நிறுத்திக்கொண்டு, பிறகு அந்தக் குழம்பைச் சூடான காற்றில் தூவி உலர்த்தி மாவாக்கும் முறை வந்தது. கடையில் ‘கான்சன்ட்ரேட்’ என்று விற்கும் வகையில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில் புரதம் இருக்கும். மீதியில் சிறிது பால்சர்க்கரையும் சிறிது கொழுப்பும் தங்கியிருக்கும். இன்னும் ஒருமுறை சலித்து அவற்றையும் ஏறத்தாழ நீக்கிவிட்டதே ‘ஐசொலேட்’ என்ற விலை கூடிய வகை.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். வீட்டில் பனீர் எடுத்து வடித்த நீரும் இதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. நாம் பாலை முதலில் கொதிக்க வைத்துவிடுவதால் தெளிபுரதத்தில் பெரும்பகுதி திரள்புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பனீருக்குள்ளேயே போய்விடுகிறது; வடியும் நீரில் இருப்பது பெரும்பாலும் பால்சர்க்கரையும் உப்புகளும்தான்.

ஒரு ஸ்கூப்பும் ஒரு தம்ளரும்

இனி அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஷேக்கரையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அவன் டப்பாவில் உள்ளது கான்சன்ட்ரேட் வகை. ஒரு ஸ்கூப் 30 கிராம். அதில் புரதம் 24 கிராம், சர்க்கரை வகை சுமார் 2 கிராம், கொழுப்பு சுமார் 2 கிராம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். புரதமும் சர்க்கரையும் கிராமுக்கு 4 கலோரியும், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரியும் தருகின்றன என்பதால், ஒரு ஸ்கூப்புக்குச் சுமார் 120 கலோரி ஆகிறது. தண்ணீருக்குக் கலோரி இல்லை. ஆகவே தண்ணீரில் கரைத்தால் கணக்கு அதோடு முடிந்தது.

பாலுக்கு வருவோம். அம்மாள் வாங்குவது நீல நிறப் பாக்கெட். அதாவது நூற்றுக்கு 3 பங்கு கொழுப்பும், 8.5 பங்கு கொழுப்பல்லாத திடப்பொருளும் கொண்ட சமன்படுத்திய பால். 250 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு பெரிய தம்ளரில் சுமார் 8 கிராம் புரதமும், 12 கிராம் பால்சர்க்கரையும், ஏறத்தாழ 8 கிராம் கொழுப்பும் அடங்கியிருக்கும். கலோரி சுமார் 150. எனவே பாலில் கலந்த பானத்தின் மொத்தம் 270 கலோரி, 32 கிராம் புரதம்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், புரதம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்க, கலோரி இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. தண்ணீரில் ஒரு கிராம் புரதத்துக்கு 5 கலோரி செலவாகிறது. பாலால் கூடுதலாகக் கிடைத்த அந்த 8 கிராமுக்கோ, கிராம் ஒன்றுக்கு 19 கலோரி. அந்த அதிகப்படியில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கொழுப்பிலிருந்தும், மூன்றில் ஒரு பங்கு பால்சர்க்கரையிலிருந்தும் வருகிறது. ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் வரும் 6 சதவீதக் கொழுப்புள்ள பாலாக இருந்தால் தம்ளருக்குச் சுமார் 220 கலோரி. ஷேக்கரின் மொத்தம் 340 ஆகிவிடும். எனவே ‘பாலில் கலந்தால் எவ்வளவு கலோரி’ என்ற கேள்விக்கு, ‘எந்த நிறப் பாக்கெட்’ என்று எதிர்க்கேள்வி போடாமல் யாரும் விடை சொல்ல முடியாது.

இதனால் பயிற்சியாளர் சொன்னதே சரி என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாகாது. தினமும் 150 கலோரி கூடுகிறது என்றால் அது எதன்மேல் கூடுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளை முன்பெல்லாம் காலையில் ஒரு தம்ளர் காப்பி குடித்து வந்தவன். அந்தப் பாலை நிறுத்திவிட்டு அதே பாலை ஷேக்கரில் ஊற்றினால், வீட்டுக் கணக்கில் பால் இடம் மாறியதே ஒழியக் கூடவில்லை. அன்றியும், உடம்பைக் குறைக்க விரும்புகிறவனுக்குப் பாரமாகத் தோன்றும் அதே 150 கலோரி, எவ்வளவு சாப்பிட்டும் எடை ஏறாமல் எலும்பும் தோலுமாக நிற்கும் பதினெட்டு வயதுப் பையனுக்கு அனுகூலமாகும். அவனுக்கு அந்தப் பாலோடு சுமார் 300 மில்லிகிராம் கால்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. நான் விசாரித்ததில் அடுத்த வீட்டுப் பிள்ளை இரண்டாவது வகையைச் சேர்ந்தவன் என்று தெரிந்தது. உடம்பு பருத்துவிடும் என்று அவன் பயந்தது, தனக்கு அடுத்து நின்று பயிற்சி செய்கிறவருக்குச் சொன்ன புத்திமதியைத் தனக்கும் எடுத்துக்கொண்டதால் வந்த வினை.

கணக்கு தவறும் இடம் இன்னொன்று உண்டு. அது பாலில் இல்லை, கரண்டியில் இருக்கிறது. ஸ்கூப் என்பது எடையை அளப்பதன்று, கொள்ளளவை அளப்பது. மாவு டப்பாவின் அடியில் அழுந்திக் கிடக்கும். அதைக் குவித்து அள்ளினால், 30 கிராம் என்று நம்பியது 40 கிராமை எட்டிவிடும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, அவன் குவித்து அள்ளிய கரண்டி 38 கிராம் காட்டியது. அப்படியானால் தினமும் 30 கலோரிக்கு மேல் அவன் அறியாமலே உள்ளே போய்க்கொண்டிருந்தது. டப்பாவும் அட்டை சொன்ன நாளைக்கு முன்னாலேயே தீர்ந்துகொண்டிருந்தது. முப்பது நாளைக்கு வர வேண்டியது இருபத்து நாலு நாளில் ஏன் காலியாகிறது என்று குழம்பிக் கொண்டிருந்த அம்மாளுக்கு, கலோரிக் கணக்கைவிட இந்தக் கணக்கே அதிகம் சுவாரஸ்யமாக இருந்தது.

நாக்கின் வாக்கு

ருசியைப் பற்றி இருவரும் ஒரே அபிப்பிராயம் கொண்டிருந்தார்கள் என்பது ஆச்சரியம்தான். தண்ணீரில் கரைத்தது சப்பென்று இருக்கிறது, ஆனால் தித்திப்பு மட்டும் நாக்கின் பின்புறத்தில் நெடுநேரம் நிற்கிறது என்று பிள்ளையே ஒப்புக்கொண்டான். அதற்குக் காரணம் உண்டு. இந்த மாவுகளில் பெரும்பாலும் சேர்ப்பது சர்க்கரையன்று. சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு தித்திக்கும் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பு. அதன் தித்திப்பு சற்றுத் தாமதித்து எழுந்து, தாமதித்தே அடங்கும். சர்க்கரை கரைந்த பானத்துக்கு உள்ள கனமும் அதற்கு இல்லை. ஆகவே நாக்கு இனிப்பை உணர்கிறது, வாய் வெறும் நீரை உணர்கிறது. இந்தப் பொருத்தமின்மையையே நாம் ‘மருந்து வாடை’ என்று சொல்லிவிடுகிறோம்.

பாலில் இருக்கும் கொழுப்புத் துளிகள் வாயின் உட்புறத்தில் மெல்லிய படலமாகப் படர்ந்து வழுவழுப்பைத் தருகின்றன. வெனிலா, சாக்லேட் முதலியவற்றின் வாசனைப் பொருள்களில் பல கொழுப்பில் கரையும் தன்மை உடையவையாகையால், அவை அந்தத் துளிகளுக்குள் புகுந்துகொண்டு, ஒரேயடியாக மூக்கில் ஏறாமல் சிறிது சிறிதாக வெளிப்படுகின்றன. கோகோவின் கசப்பையும் பாலின் திரள்புரதம் பற்றிக்கொண்டு மழுப்பிவிடுகிறது. பால்சர்க்கரையும் தன் பங்குக்கு ஏதோ கொஞ்சம் இனிக்கிறது. ஆனால் தண்ணீரை உத்தேசித்துக் கூட்டப்பட்ட மாவைப் பாலில் கலந்தால், திகட்டும் அளவுக்கு இனிப்பு மிஞ்சிவிடுவதும் உண்டு. வாசனையும் இனிப்பும் சேர்க்காத வெறும் மாவுக்குத்தான் பால் மெய்யாகவே துணை நிற்கிறது. அதைத் தண்ணீரில் குடிப்பது, அட்டையைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கும் என்பது என் சொந்த அனுபவம்.

கட்டி தட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலர்ந்த மாவின் மேல் திரவத்தைக் கொட்டினால், மாவுருண்டையின் வெளிப்புறம் சட்டென்று நனைந்து பசை போன்ற தோலாகிவிடும். உள்ளே இருக்கும் மாவுக்கு அதற்குமேல் நீர் போய்ச் சேராது. கேழ்வரகுக் கூழ் கிண்டத் தெரிந்த எவருக்கும் இந்த ரகசியம் தெரியும். ஆகவே முதலில் திரவம், பிறகு மேலே மாவு என்பதே கிரமம். தண்ணீரானாலும் பாலானாலும் இதில் மாற்றமில்லை. மாவு எளிதில் நனைவதற்காகப் பல ஆலைகள் அதில் லெசித்தின் என்ற எண்ணெய்ப்பசைப் பொருளைச் சிறிது தூவியே அனுப்புகின்றன.

அம்மாள் ஒருநாள் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கையில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாலில் மாவைக் கொட்டிக் கலக்கிவிட்டார். பானம் முழுவதும் சிறு சிறு திப்பிகளாகித் திரிந்த பால் போல் ஆகிவிட்டது. பால் கெட்டுவிட்டதென்று எண்ணிக் கீழே ஊற்றியும் விட்டார். பால் கெடவில்லை. தெளிபுரதத்துக்குப் புளிப்பைக் கண்டு பயமில்லையே தவிர, உஷ்ணத்தைக் கண்டால் பயம் உண்டு. சுமார் 70 பாகைக்கு மேல் சூடேறும்போது, சுருண்டு மடிந்து கிடக்கும் அதன் இழைகள் விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டியாகிவிடுகின்றன. முட்டையின் வெள்ளைக் கரு வேகும்போது நடப்பதும் இதைப் போன்றதுதான். கெட்டுத் திரிந்த பாலுக்குப் புளித்த நாற்றம் இருக்கும். இதற்கு இராது, வெந்த வாசனை மட்டும் இருக்கும். இழை விரிந்ததால் புரதத்தின் சத்து போய்விடுவதுமில்லை. எப்படியும் இரைப்பை அதை விரிக்கத்தான் போகிறது. வாய்க்குத்தான் அது உவப்பாக இராது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பால் என்றால் இந்த விபத்து நேராது.

இரைப்பைக்குள் நடக்கும் பாகப்பிரிவினை

இனி, பாலில் கலந்தால் மெதுவாகத்தான் ஜீரணமாகும் என்ற இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருவோம். இரைப்பை என்பது புளிப்பு நிறைந்த பாத்திரம். அதற்குள் பால் விழுந்தால், அடுக்களையில் எலுமிச்சை பட்டபோது நடந்ததே நடக்கிறது: திரள்புரதம் கட்டியாகிவிடுகிறது, தெளிபுரதம் கரைந்தே நிற்கிறது. கட்டியைச் சிறிது சிறிதாகக் கரைத்துத்தான் இரைப்பை சிறுகுடலுக்கு அனுப்ப முடியும். கரைந்து நிற்பதோ சீக்கிரம் வழிந்து போய்விடும்.

1997ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் இவ் போரி என்பவரும் அவருடைய சகாக்களும் இதை நேர்த்தியான பரிசோதனை ஒன்றின் மூலம் அளந்து பார்த்தார்கள். புரதத்தின் கட்டுமானக் கற்களாகிய அமினோ அமிலங்களில் லியூசின் என்பது ஒன்று. சற்றுக் கனம் கூடிய கரி அணுவால் அடையாளமிட்ட லியூசினைக் கறவைப் பசுக்களின் இரத்தத்தில் செலுத்தி, அவை கறந்த பாலிலிருந்து இரண்டு புரதங்களையும் தனித்தனியே பிரித்து, வெறும் வயிற்றோடு இருந்த ஆரோக்கியமான இளைஞர்களுக்குக் கொடுத்து, அந்த அடையாளமிட்ட கற்கள் எப்போது இரத்தத்தில் தோன்றுகின்றன என்று ஏழு மணி நேரம் பார்த்திருந்தார்கள். தெளிபுரதம் உண்டவர்களின் இரத்தத்தில் அமினோ அமிலங்கள் விரைவாகவும் உயரமாகவும் எழுந்து, விரைவாகவே அடங்கின. திரள்புரதம் உண்டவர்களிடத்தில் அவை அவ்வளவு உயரவில்லை. ஆனால் கடைசி வரையில் மட்டம் தாழாமல் நின்றன. முன்னது சரீரம் புதுப் புரதம் கட்டுவதை அதிகம் தூண்டியது. பின்னது, உள்ள புரதம் சிதைவதைத் தடுத்தது. ஏழு மணி முடிவில் வரவு செலவு பார்த்தபோது, மெதுவாக வந்ததன் கையிருப்பே அதிகமாக இருந்தது என்பது பலருக்கு வியப்பூட்டிய செய்தி. உடற்பயிற்சிக் கூடங்களில் ‘வேகப் புரதம்’ என்று பேசிக்கொள்வதற்கெல்லாம் மூலம் இந்தப் பரிசோதனைதான். ஆனால் அதன் கடைசி வரியை யாரும் சொல்வதில்லை.

இப்போது அம்மாளின் கேள்விக்கு விடை சொல்லலாம். பிரித்ததை மீண்டும் சேர்த்தால் பழைய பால் வருமா? நம் ஷேக்கரில் மாவிலிருந்து 24 கிராம் தெளிபுரதம் வந்திருக்கிறது. பாலின் 8 கிராம் புரதத்தில் ஏறத்தாழ 6.4 கிராம் திரள்புரதம், 1.6 கிராம் தெளிபுரதம். கூட்டிப் பார்த்தால் மொத்தம் 32 கிராமில் 25.6 கிராம் தெளிபுரதமாகவும், 6.4 கிராம் திரள்புரதமாகவும் நிற்கிறது. அதாவது பசும்பாலில் நாலுக்கு ஒன்று என்று இருந்த விகிதம், அப்படியே தலைகீழாகி ஒன்றுக்கு நாலு ஆகிவிட்டது! பாலில் கலந்த வே புரோட்டீன் பாலாக ஆவதில்லை. கண்ணாடியில் தெரியும் பாலின் இடவல மாற்றம் போன்ற வேறொரு பானமாக ஆகிறது. தெளிபுரதம் மிகுந்து, திரள்புரதம் குறைந்து காணும் பால் உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு, தாய்ப்பால்தான் அது. நன்கு சுரக்கத் தொடங்கிய தாய்ப்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 தெளிபுரதம், 40 திரள்புரதம். பசும்பாலிலிருந்து குழந்தைகளுக்குப் பால்மாவு செய்கிறவர்கள் அந்த விகிதத்தை எட்டுவதற்காக அதில் வே சேர்க்கிறார்கள். அடுத்த வீட்டு அடுக்களையில் நடப்பதும், அளவு தெரியாமல் செய்த அதே காரியம்தான்.

ஆகையால், கட்டியாகக்கூடிய பொருள் மொத்தப் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றிருக்க, பால் கலந்ததனால் வேயின் வேகமெல்லாம் பறிபோய்விடும் என்பது மிகையான பேச்சு. தாமதம் இல்லையென்று சொல்லவில்லை, உண்டு. ஆனால் அதற்குப் பெரிய காரணம் திரள்புரதம் அன்று, கலோரியே. இரைப்பையின் அடிவாசல், வருவது இன்னதென்று பாராமல், நிமிஷத்துக்குச் சுமார் இரண்டு மூன்று கலோரி என்ற கணக்கில்தான் ஆகாரத்தைச் சிறுகுடலுக்குள் விடுகிறது; கொழுப்பு வந்து சேர்ந்தால் குடல் சுரக்கும் ஒரு செய்தியால் அந்த வாசல் இன்னும் சற்று ஒருக்களித்துக்கொள்கிறது. 120 கலோரி கொண்ட தண்ணீர்ப் பானம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் கடந்துபோகுமென்றால், 270 கலோரி கொண்ட பால் பானத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டியிருக்கும். வயிறு நிறைந்திருப்பது போன்ற உணர்வும் அவ்வளவு நேரம் நிற்கும். ஓடப்போகிறவன் ஓடுவதற்கு அரை மணி முன்னால் பாலில் கலந்து குடித்தால், அது அவனோடு சேர்ந்து குலுங்கத்தான் செய்யும். பயிற்சி முடிந்தபின் குடிப்பவனுக்கோ இந்த ஒரு மணி நேர வித்தியாசம் பெரிதாகப் பொருட்படுத்தத் தக்கதன்று. பயிற்சியால் விழித்த தசை, அடுத்த ஒரு நாள் வரையிலும் புரதத்தை வாங்கிக்கொள்ளும் நிலையிலேயே இருக்கிறது.

இதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் குறுக்கே வருகிறது. காய்ச்சிய பாலில், சூட்டால் விரிந்த தெளிபுரதம் திரள்புரதத் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்வதால், இரைப்பையில் அது இறுகிய கட்டியாகாமல் மெத்தென்ற துணுக்குகளாகவே திரள்கிறது. பச்சைப் பாலை ஆராய்ந்து சொன்ன தாமதத்தை, பாக்கெட்டைக் கண்டவுடன் அடுப்பில் ஏற்றும் நம் அடுக்களைக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

பன்னிரண்டு கிராம்

வேகத்தைப் பற்றிய விவாதத்தில் இரு தரப்பாரும் மறந்துவிட்ட விஷயம் ஒன்று உண்டு. அதுதான் பலருடைய வயிற்றை மெய்யாகவே பாதிப்பது. பால்சர்க்கரையைச் சிறுகுடலில் வெட்டிச் சிறிதாக்கும் நொதிக்கு லாக்டேஸ் என்று பெயர். குழந்தைப் பருவத்தில் எல்லோருக்கும் தாராளமாக இருக்கும் இந்த நொதி, வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. இது நோயன்று, பாலூட்டிகளுக்குள்ள பொது இயல்பு. 1981இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், வட இந்தியரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கும், தென்னிந்தியரில் மூன்றில் இருவருக்கும் பால்சர்க்கரையைச் சரிவரச் செரிக்கும் சக்தி குறைவாக இருந்தது. வெட்டப்படாத பால்சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தால், தன்னோடு நீரையும் இழுத்துக்கொள்கிறது. அங்குள்ள கிருமிகள் அதைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. பொருமலும், இரைச்சலும், சில சமயம் பேதியும் அதன் விளைவு. பாலைக் காய்ச்சினால் பால்சர்க்கரை போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள்; போகாது.

இப்படிப்பட்ட உடம்பு உள்ளவர்களிலும் பெரும்பாலோர், ஒரு வேளைக்கு 12 கிராம் வரையில் பால்சர்க்கரையைப் பெரிய தொந்தரவில்லாமல் தாங்குகிறார்கள். நம் தம்ளர் பாலில் இருப்பது சரியாக அந்த 12 கிராம்! ஏற்கெனவே விளிம்பு வரை நிறைந்த குடத்தில், கான்சன்ட்ரேட் மாவு தன் 2 கிராமையும் கொண்டுவந்து ஊற்றுகிறது. வெறும் பாலைக் குடித்தால் ஒன்றும் செய்யாதவருக்கு, வெறும் மாவைத் தண்ணீரில் குடித்தாலும் ஒன்றும் செய்யாதவருக்கு, இரண்டையும் சேர்த்துக் குடித்தால் மட்டும் வயிறு பொருமுவதன் மர்மம் இதுவே. ஐசொலேட் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அது நீக்குவது அந்த 2 கிராமை. 12 கிராம் பாலோடு அப்படியே இருக்கிறது. விலை கூடிய மாவை வாங்கி அதைப் பாலில் கலப்பது, வீட்டைப் பெருக்கிவிட்டுக் குப்பையை உள்ளேயே கொட்டுவதற்குச் சமம்.

குற்றவாளி பால்சர்க்கரைதானா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மூன்று நாள் மாவைத் தண்ணீரில் மட்டும் குடித்துப் பார்ப்பது. அடுத்த மூன்று நாள் அதே நேரத்தில் மாவின்றிப் பால் மட்டும். பிறகு மூன்று நாள் இரண்டும் சேர்த்து. குடித்துச் சுமார் அரை மணியிலிருந்து சில மணிக்குள் பொருமல் தோன்றி, அது பால் உள்ள நாட்களில் மட்டும் தோன்றினால், ஐயம் பால்சர்க்கரையின்மேல் விழுகிறது. தண்ணீரில் குடித்த நாளிலும் தோன்றினால், மாவிலுள்ள பசைப்பொருள்களோ இனிப்புகளோ காரணமாகலாம். அல்லது வெறும் காற்றாகவே இருக்கலாம். தெளிபுரதம் நுரையைத் தாங்கிப் பிடிப்பதில் கெட்டிக்காரப் புரதம். குலுக்கியவுடன் குடிப்பவன் பாதிக் குப்பி காற்றையும் விழுங்குகிறான். ஐந்து நிமிஷம் ஆற வைத்தால் நுரை பெரும்பாலும் அடங்கிவிடும். உதடு தடிப்பது, தோலில் தடிப்பு எழும்புவது, மூச்சு முட்டுவது முதலியன மட்டும் இந்தக் கணக்கில் சேராதவை. அவை பால் புரதத்தின் ஒவ்வாமைக்கு அடையாளம். அப்படிப்பட்டவர் தண்ணீரிலும் கூடாது, பாலிலும் கூடாது, உடனே வைத்தியரைப் பார்க்க வேண்டியவர்.

அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்பது நாளும் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தான். சேர்த்துக் குடித்த மூன்று நாளும் பதினொரு மணி வாக்கில் அலுவலகத்தில் வயிறு இரைந்ததாகச் சொன்னான். கடைசியில் அம்மாளும் அவனும் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்: காய்ச்சி ஆறிய பால் 125 மில்லிலிட்டர், தண்ணீர் 125 மில்லிலிட்டர், நிறுத்து எடுத்த மாவு 30 கிராம். பால்சர்க்கரை 8 கிராமுக்கு இறங்கிவிட்டது, கலோரி 195, புரதம் 28 கிராம். பருகவும் நன்றாக இருக்கிறதாம்.

ஆனால் ஷேக்கரைக் கழுவும் வேலை அம்மாளுடையதாகிவிட்டதில் ஒரு புதுச் சச்சரவு முளைத்திருக்கிறது. பால் கலந்த குப்பியை மூடிவைத்தால் மாலைக்குள் நாறுகிறது என்றும், கொதிநீர் ஊற்றிக் கழுவினாலும் போகவில்லை என்றும் சொன்னார். கொதிநீர்தான் வினையே என்றேன். சூடான பாலில் திப்பி திப்பியாக வெந்த அதே தெளிபுரதம், கொதிநீர் பட்டவுடன் குப்பியின் சுவரிலும் மூடியின் இடுக்கிலும் வெந்து ஒட்டிக்கொள்கிறது. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு கொழுப்பு போக வெந்நீரும் சோப்பும் போடச் சொன்னேன்.